304 ரூபாய் ஆரூடம் அல்ல

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணை ஒருவர் தன் கணக்குக் கொப்பியை என் பக்கம் திருப்பினார். அவுஸ்திரேலியாவிலிருந்து மைசூர் பருப்பு வருகிறது. 90 நாளில் ஒரு இலட்சம் டொலர் கட்ட வேண்டும். அன்று டொலர் 300 ரூபாய். ஆனால் 90 நாள் கழித்துத் தரும் டொலருக்கு வங்கி இன்றே சொன்ன விலை 304. (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன்.)

"பாத்தீங்களா தம்பி, டொலர் ஏறப் போகுது எண்டு வங்கிக்காரருக்கே தெரியுது."

வங்கிக்காரருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

இன்று கையெழுத்து, இன்றே விலை, பணமும் டொலரும் கைமாறுவது மட்டும் 90 நாள் கழித்து. ஃபோர்வர்ட் ஒப்பந்தம் என்பது இவ்வளவுதான். கையெழுத்திட்ட வங்கி, டொலர் ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இன்றே ரூபாய் கடன் எடுத்து, டொலர் வாங்கி, அதை வட்டிக்குப் போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் வங்கிகள் இதை வேறு வழியில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ரூபாய்க்கு ஆண்டு வட்டி 10 சதவீதம், டொலருக்கு 5 என்போம். மூன்று மாதத்துக்கு அது 2.5, 1.25. முடிவில் ஒரு இலட்சம் டொலர் கையில் இருக்க, இன்று 98,765 டொலர் வாங்கினால் போதும். மிச்சத்தை வட்டி நிரப்பிவிடும். அதை வாங்க சுமார் 2 கோடி 96 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய் கடன். வட்டியோடு திருப்பிக் கட்டும்போது அது 3 கோடி 3 இலட்சத்து 70 ஆயிரம் ஆகிறது. ஒரு டொலருக்கு 303 ரூபாய் 70 சதம். மேலே 30 சதம் வங்கியின் இலாபம். 304 வந்துவிட்டது. இதில் எங்கேயும் ஆரூடம் இல்லை, இரண்டு நாட்டு வட்டிக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. டொலர் வட்டி ரூபாய் வட்டியைவிடக் கூடினால் ஃபோர்வர்ட் விலை இன்றைய விலைக்குக் கீழேகூட இருக்கும்.

மனக்கணக்கும் உண்டு. இரண்டு வட்டிக்கும் வித்தியாசம் 5 சதவீதம். 300இல் அது 15 ரூபாய், மூன்று மாதத்துக்கு அதில் கால்வாசி 3.75. வங்கி 309 கேட்டால் பேரம் பேசலாம்.

சரி, அண்ணைக்கு இது எதற்கு? பருப்பு வந்த சில வாரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். டொலர் கட்டுவது அதற்குப் பிறகு. 300ஐ வைத்து, நூற்றுக்கு நாலு இலாபம் சேர்த்து மூட்டை விலை போட்டால் கிடைப்பது 12 இலட்சம். கட்டும் நாளில் டொலர் 315 ஆனால் 15 இலட்சம் கூடுதலாகப் போகும். விற்ற மூட்டைக்கு மறுபடி விலை கேட்க முடியாது. 304 என்று பூட்டிவிட்டால் செலவு 4 இலட்சம் கூடும், ஆனால் அது முதல் நாளே தெரியும், விலையில் சேர்த்துவிடலாம்.

பூட்டிய விலை மறுபக்கமும் கடிக்கும். 2023 தொடக்கத்தில் 360 ரூபாயைத் தாண்டியிருந்த டொலர் ஜூன் மாதம் 300 அளவுக்கு இறங்கியது. அப்படி இறங்கும்போது பூட்டாத பக்கத்துக் கடைக்காரர் மலிவாக டொலர் வாங்கி மலிவாக விற்பார். நீங்கள் ஒப்பந்த விலைக்கே வாங்கியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் கப்பல். சரக்கு பிந்தி, கட்ட வேண்டிய நாளும் தள்ளிப்போனால் ஒப்பந்தம் அதற்காகக் காத்திருக்காது. வங்கி அதை அன்றைய சந்தை விலையில் முடித்து, வித்தியாசத்தில் நட்டம் இருந்தால் உங்கள் கணக்கில் போடும்; அல்லது புது விலையில் நீட்டும். குறித்த ஒரு நாளுக்குப் பதிலாக, சில வாரங்களுக்குள் எந்த நாளும் எடுக்கலாம் என்று ஒப்பந்தம் போடுவது இதனால்தான். விலை கொஞ்சம் கூடும்.

இதுவும் எப்போதும் கிடைக்கும் என்றில்லை. 2021 ஜனவரியில் மத்திய வங்கி, வங்கிகள் ஃபோர்வர்ட் ஒப்பந்தம் செய்வதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரூபாய் சரிந்த வேகம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அண்ணை கடைசியில் 60,000 டொலரை 304க்குப் பூட்டினார், 40,000ஐத் திறந்து விட்டார். 315 ஆனால் 8 இலட்சத்து 40 ஆயிரம் கூடுதல், இலாபத்தில் மூன்றரை இலட்சமாவது மிஞ்சும். 290 ஆனால் மொத்தம் 2 கோடி 98 இலட்சத்து 40 ஆயிரம். இரண்டு தொகையையும் கொப்பியின் ஓரத்தில் எழுதிவிட்டு, கப்பல் எப்போது வருகிறது என்று ஏஜென்டுக்குப் போன் போட்டார்.