மியூசிக்கல் சேர்ல முதல்ல அவுட் ஆன குழந்தை எவ்ளோ நேரம் விளையாடுது?

12 குழந்தைங்க, 11 சேர். பாட்டு நின்னதும் உக்காரணும், இடம் கிடைக்காதவங்க அவுட், ஒரு சேரை எடுத்துட்டு மறுபடி பாட்டு போடுவாங்க. கடைசில ஒருத்தர் மட்டும் மிஞ்சுற வரைக்கும் மொத்தம் 11 ரவுண்டு. இப்ப ஒரு கணக்கு போட்டு பாருங்க: முதல் ரவுண்டுல 12 பேர் ஆடுறாங்க, அடுத்ததுல 11, அப்புறம் 10, இப்படியே 2 வரைக்கும் கூட்டினா 77 வருது. யாரும் வெளிய போகாம எல்லாரும் 11 ரவுண்டும் ஆடியிருந்தா 132. ஆக மொத்த நேரத்துல 100க்கு 42 பங்கு யாரோ ஒருத்தர் ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்ததுலயே போயிருக்கு. அதுலயும் முதல்ல அவுட் ஆனது பெரும்பாலும் இருக்கிறதுலயே சின்னது, இல்ல கூச்சப்படுறது, இல்ல அடுத்தவங்கள இடிச்சிட்டு போய் உக்கார மனசு வராதது. அது ஆடினது ஒரே ஒரு ரவுண்டு. யாருக்கு இன்னும் கொஞ்சம் ஓடிப் பழகணுமோ அந்தப் பிள்ளைக்குத்தான் ஓட வாய்ப்பு கம்மி.

இதே ஆட்டத்தை கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியல் ஆய்வாளர் டெர்ரி ஆர்லிக் 1970கள்ல ஒரே ஒரு விதியை மாத்தி பரப்பினாரு. சேரை மட்டும் எடுக்கணும், குழந்தையை எடுக்கக் கூடாது. பாட்டு நின்னா 12 பேரும் மிச்சம் இருக்கிற சேர்ல எப்படியாவது அடங்கணும். 9 சேர் வரைக்கும் ஈஸி, பாதி பாதியா ஒட்டி உக்காந்துக்குவாங்க, 6க்கு வரும்போதுதான் மடில உக்கார்றது, கையப் பிடிச்சுக்கிறதுன்னு ஆரம்பிக்கும். (சேர் கவுந்துடும்னு பயமா இருந்தா தரையில பெரிய வளையங்கள போட்டு அதுக்குள்ள கால் வைக்கச் சொல்லுங்க, நான் அதைத்தான் சொல்வேன்.)

ஒரு விதி மாறினதுல என்ன அப்படி மாறிடுச்சு? 1949ல மார்ட்டன் டாய்ச்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதை அழகா பிரிச்சு வச்சாரு. நான் ஜெயிக்கிறது உன்னையும் ஜெயிக்க வைக்குதா, இல்ல உன் வாய்ப்பை வெட்டுதா, அவ்வளவுதான் கேள்வி. பக்கத்துல ஒரு பையன் தடுக்கி விழுறான்னு வைங்க, பழைய ஆட்டத்துல அது எனக்கு அதிர்ஷ்டம், புது ஆட்டத்துல அது எனக்கே பிரச்சினை, அதனால அவனைத் தூக்கிவிட யாரும் எனக்கு அறிவுரை சொல்லவே தேவையில்ல. 1994ல 4, 5 வயசு குழந்தைங்க 70 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, அதுல போட்டி விளையாட்டு ஆடினப்புறம் அடிக்கிறது தள்ளுறது எல்லாம் கூடுச்சு, சேந்து ஆடுற விளையாட்டுல அது குறைஞ்சுச்சு. முக்கியமானது என்னன்னா, ஆட்டம் முடிஞ்சு சும்மா விளையாட விட்ட நேரத்துலயும் அதே மாதிரி வித்தியாசம் தெரிஞ்சுது.

அப்ப போட்டியே வேணாமான்னா, அப்படி இல்ல. 1898லயே நார்மன் டிரிப்லெட்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 40 குழந்தைங்கள தூண்டில் ரீல் மாதிரி ஒண்ணைச் சுத்த விட்டு பாத்தாரு, தனியா ஒரு தடவை, பக்கத்துல இன்னொருத்தரோட போட்டியா ஒரு தடவை. பாதிப் பேர் போட்டியில வேகமானாங்க. கால்வாசிப் பேருக்கு பெருசா வித்தியாசமே இல்ல. மிச்ச கால்வாசிப் பேர் தனியா சுத்தினதை விட மெதுவாயிட்டாங்க, மூச்சு வாங்குது, முகம் செவக்குது, கை விறைச்சுப் போகுது. உங்க குரூப்ல இந்த கால்வாசி யாருன்னு கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் வேணாம், போட்டின்னு சொன்னதும் தோளை இறுக்கித் தூக்கிக்கிட்டு, தனியா நல்லா பண்ணிட்டு இருந்த வேலையே சொதப்புதா பாருங்க, அதுதான் அது.

நான் முடிவு பண்ற விதம் இதுதான்: ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே யார் ஜெயிப்பா, யார் கடைசின்னு உங்களால சொல்ல முடியுதா? முடிஞ்சா போட்டி வேணாம். 5 வயசும் 10 வயசும் கலந்து நிக்கிற கூட்டத்துல ஓட்டப் பந்தயம் வச்சா முடிவு எல்லாருக்கும் தெரியும், பெருசுக்கு முயற்சி பண்ண காரணம் இல்ல, சின்னதுக்கு நம்பிக்கை இல்ல. அதே 10, 11 வயசுப் பசங்க, திறமை கிட்டத்தட்ட சமம், ஒருத்தர ஒருத்தர் நல்லா தெரியும், ரவுண்டு 2 நிமிஷத்துல முடிஞ்சு தோத்தவங்களும் உடனே அடுத்ததுல ஆடலாம்னா, தாராளமா போட்டி வைங்க. அவங்கள போய் சேந்து ஆடுங்கன்னு சொன்னா கொட்டாவி விடுவாங்க.

சேந்து ஆடுறதுலயும் ஓட்டை இருக்கு, அதை யாரும் அவ்வளவா பேசுறது இல்ல. 6 பேர் சேந்து ஒரு புதிர் தீக்குறாங்கன்னு வைங்க, கொஞ்ச நேரத்துல ஒரு பையன் எல்லாத்தையும் கையில எடுத்துக்கிட்டு நீ அதை வை, நீ தள்ளுன்னு உத்தரவு போட்டுட்டு இருப்பான், மத்தவங்க வேலையாள் ஆயிடுவாங்க. முகத்தைப் பாக்காதீங்க, கைகளைப் பாருங்க, யாரோட கை அசையவே இல்லன்னு தெரிஞ்சுடும். இதுக்கு அவன அதட்டுறதை விட விஷயத்தைப் பிரிச்சுக் குடுக்கறது மேல், ஆளுக்கு 2 துப்புச் சீட்டு, அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாது, வாயால மட்டும் சொல்லலாம். இப்ப அந்தப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மத்த 5 பேர் பேசாம அவனால முடிக்க முடியாது.

இன்னொரு ஓட்டை இதை விட மோசம். வட்டமா நின்னு பந்தை ஒரு சுத்து கை மாத்தணும், நேத்து ஆன நேரத்தை இன்னைக்கு முறியடிக்கணும். கேக்க நல்லா இருக்கு, எதிரியே இல்ல, கடிகாரம் மட்டும்தான். ஆனா பந்தை விட்டுட்டா எல்லார் நேரமும் போச்சு, ஒரு குழந்தை ரெண்டு தடவை விட்டதும் "உன்னாலதான்"னு 11 பேர் திரும்புவாங்க. போட்டியில தோத்திருந்தா அது தன்னோட தோல்வி, இங்க மொத்தக் கூட்டத்தோட தோல்விய ஒத்தப் பிள்ளை சுமக்குது. பேருக்குத்தான் கூட்டு ஆட்டம். கணக்கை மாத்துங்க: 2 நிமிஷத்துல மொத்தம் எத்தனை தடவை பிடிச்சோம்னு எண்ணுங்க, விட்டதை எண்ணவே வேணாம். அப்ப அந்தக் குழந்தை பிடிச்ச 3ம் மொத்தத்துல சேரும், அது யாரையும் பின்னாடி இழுக்காது.

ரெண்டையும் கலந்து டீமுக்கு டீம் வைக்கலாம், உள்ள சேந்து, வெளிய போட்டி. ஓரளவு பெரிய பசங்களுக்கு இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒண்ணே ஒண்ணு, டீமை நிரந்தரமாக்கிடாதீங்க. 1954ல முசாபர் ஷெரீப்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 11 வயசுப் பசங்க 22 பேரை அமெரிக்காவோட ஓக்லஹோமால ஒரு முகாம்ல ரெண்டு குழுவா பிரிச்சு தொடர்ந்து போட்டி வச்சாரு, கொஞ்ச நாள்லயே கொடிய எரிக்கிறது, அடுத்தவன் கேபின்ல புகுந்து சூறையாடுறதுன்னு போயிடுச்சு. அதனால ஒரு ஆட்டம் முடிஞ்சதும் சீட்டு எடுத்து டீமைக் கலைச்சுப் போடுங்க, டீமுக்குப் பேரும் கொடியும் வேணவே வேணாம்.