ஒரு கிலோ கேக்கின் அடக்க விலை உண்மையில் எவ்வளவு?

சிறு தொழில்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. வீட்டில் கேக் செய்து விற்பவர்களிடம் விலையை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டால், "பொருள் செலவு மாதிரி இரண்டு மடங்கு" என்பதுதான் பெரும்பாலும் பதில். அலங்கரித்த ஒரு கிலோ கேக்குக்குப் பொருள் செலவு 100, விற்பனை விலை 200 என்று வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த 100-ஏ சரியில்லை. அதில் ஸ்பாஞ்சுக்கான கலவை 60, க்ரீமும் மற்றதும் 40. ஒரு கிலோ கலவையை ஊற்றினால் ஒரு கிலோ ஸ்பாஞ்ச் வராது, ஈரம் ஆவியாகிவிடும், அப்புறம் மேடாக உப்பிய மேல்பகுதியையும் ஓரத்தையும் வெட்டி எடுக்கிறோம். கையில் 820 கிராம்தான் மிஞ்சுகிறது என்றால் 60-ஐ 0.82-ஆல் வகுக்க வேண்டும், 73 வரும். இந்த இடத்தில் பலரும் 18 சதவீதத்தைக் கூட்டிவிட்டு 71 என்று நிறுத்திவிடுகிறார்கள். பைப்பிங் பையிலும் கிண்ணத்திலும் பத்தில் ஒரு பங்கு க்ரீம் ஒட்டிக்கொண்டு போனால் 40 என்பது 44 ஆகிறது. ஆக பொருள் செலவு சுமார் 117. உங்கள் சமையலறையில் இந்த விகிதம் வேறாக இருக்கும், அதனால் ஊற்றும்போது ஒரு தடவை, வெட்டிய பிறகு ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள்.

கேஸுக்கும் தராசுதான். வேறு சமையலுக்குத் தொடாத நேரத்தில் பேக் செய்வதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை நிறுத்துப் பாருங்கள், குறைந்த எடைதான் செலவு. ஒரே தடவையில் மிகச் சிறிய வித்தியாசம் சரியாகத் தெரியாது என்பதால் நாலைந்து கேக்குக்குச் சேர்த்து நிறுத்து வகுப்பது நல்லது. ஓவனைச் சூடேற்றும் நேரமும் இதிலேயே வந்துவிடும். நம் உதாரணத்தில் 8 என்று வைப்போம்.

உழைப்பில் கேக் வேகும் நேரத்தை விட்டுவிடலாம், அப்போது கை வேறு வேலை பார்க்கும். ஆனால் அளப்பது, அலங்கரிப்பது, பாத்திரம் கழுவுவது, ஆர்டர் கொடுத்தவரோடு டிசைன் பேசுவது எல்லாம் சேர வேண்டும். இரண்டரை மணி நேரம், மணிக்கு 40 என்றால் 100.

இதுவரை 225. இருபதில் ஒரு கேக் உடைந்தோ அமுங்கியோ வீணாகிறது என்றால், அதற்கான பொருளும் கேஸும் உழைப்பும் மற்ற பத்தொன்பதின் தலையில்தான் விழும். அதனால் 225-ஐ 0.95-ஆல் வகுத்தால் 237. பெட்டி, போர்டு, டேப், ரிப்பன், ஸ்டிக்கர் எல்லாம் 25. இது வகுத்த பிறகுதான் சேரும், ஏனென்றால் வீணான கேக்கை யாரும் பெட்டியில் வைப்பதில்லை. மொத்தம் 262.

அப்படியானால் 200-க்கு விற்பவருக்குக் கூலி என்ன நிற்கிறது? பெட்டிச் செலவு போக 175, அதில் வீணாவதற்கு 5 சதவீதம் கழித்தால் 166, பொருளும் கேஸும் 125 போனால் மிச்சம் 41. இரண்டரை மணி நேரத்துக்கு அதுதான், மணிக்கு 16 சொச்சம். லாபம் என்று இன்னும் எதுவுமே சேர்க்கவில்லை, மிக்ஸரும் ஓவனும் தேய்வதையும் சேர்க்கவில்லை.

விலையை உடனே ஏற்ற முடியாதவர்கள் முதலில் உழைப்பைப் பாருங்கள். ஒரே டிசைனில் இரண்டு ஆர்டரை ஒரே நாளில் எடுத்தால் கழுவுவதும் சூடேற்றுவதும் பாதியாகும், கேஸைவிட அங்கேதான் அதிகம் மிஞ்சும்.