திறக்காத வாசல் வழியாகத் தரவு வெளியேறுவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் விற்பனைத் தரவுத்தளம் அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாதபடி ஃபயர்வால் போட்டிருக்கிறோம். ஆனாலும் கிளவுடில் இருக்கும் பவர் பிஐ டாஷ்போர்டு தினமும் காலை 6 மணிக்குத் தானாகவே புதிய கணக்கைக் காட்டுகிறது. அப்படியானால் எங்கள் ஃபயர்வாலில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதானே பொருள்?"

ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் சந்தேகம் நியாயமானது. அவருடைய சர்வரின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனி வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இதே 192.168.1.20 உலகெங்கும் எண்ணற்ற அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருக்கிறது. கிளவுடில் உள்ள ஒரு கணினி அந்த முகவரிக்கு ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்ப நினைத்தாலும், அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று இணையத்துக்குத் தெரியாது. ஃபயர்வாலின் தடை இருக்கட்டும், அங்கே போவதற்குப் பாதையே கிடையாது.

ஆகவே கிளவுட் உள்ளே வருவதில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு கணினி வெளியே போகிறது. அந்தக் கணினியில் கேட்வே என்ற மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும். அது விண்டோஸில் ஒரு சர்வீஸாக ஓடுகிறது, ஆகவே யாரும் லாகின் செய்யாவிட்டாலும் வேலை செய்யும். கணினி இயங்கத் தொடங்கியதும் கேட்வே செய்யும் முதல் காரியம், மைக்ரோசாஃப்டின் அஷூர் ரிலே என்ற இடைத்தரகுச் சேவையோடு இணைப்பு ஏற்படுத்திக்கொள்வது. உள்ளே இருப்பவர் தாமே வெளியே தொலைபேசியில் அழைத்து, அழைப்பைத் துண்டிக்காமல் ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருப்பதைப் போன்றது இது. எதிர்முனையில் இருப்பவருக்கு இவருடைய எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சொல்ல வேண்டியதை, ஏற்கெனவே திறந்திருக்கும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடலாம்.

இதை ரவுட்டரும் ஃபயர்வாலும் எப்படி அனுமதிக்கின்றன என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேட்வே கணினியின் முகவரி 192.168.1.35. போர்ட் என்பது ஒரே கணினியில் நடக்கும் பல இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் எண். கேட்வே தன்னுடைய 50122 என்ற போர்ட்டிலிருந்து கிளவுடின் 443 என்ற போர்ட்டுக்கு முதல் பொட்டலத்தை அனுப்புகிறது. பொட்டலம் ரவுட்டரைக் கடக்கும்போது, அனுப்புநர் முகவரி அழிக்கப்பட்டு அலுவலகத்தின் பொது முகவரி எழுதப்படுகிறது. 203.0.113.8 என்றும், போர்ட் எண் 61007 என்றும் மாறியதாக வைத்துக்கொள்வோம். அதே கணத்தில் ரவுட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது: கிளவுடின் இந்த முகவரியிலிருந்து, 443 என்ற போர்ட்டிலிருந்து, நம்முடைய 61007க்கு ஏதாவது வந்தால் அதை 192.168.1.35இன் 50122க்குக் கொடு.

அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருக்கும் வரை, அந்த ஒரே முகவரியிலிருந்து வரும் பதில் மட்டும் உள்ளே போகும். உலகின் வேறெந்த மூலையிலிருந்தும் அதே 61007ஐத் தட்டுகிற பொட்டலத்துக்குப் பொருந்தும் வரி இல்லை. ஃபயர்வால் அதைக் கீழே போட்டுவிடும். நீங்கள் ஒவ்வொரு முறை இணையப் பக்கத்தைத் திறக்கும்போதும் நடப்பது இதேதான். பக்கம் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் உலாவி இணைப்பை விட்டுவிடுகிறது, கேட்வே விடுவதில்லை. எந்த நேரமும் ஒரு வேலை வந்து சேரக்கூடும் என்று அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பேச்சே இல்லாத இணைப்பின் வரியை ரவுட்டர் எவ்வளவு நேரம் வைத்திருக்கும்? 2008இல் வெளியான RFC 5382 என்ற இணைய ஆவணம், குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறது. இந்த விசித்திரமான எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. டிசிபி இணைப்பில் 'இன்னும் இருக்கிறாயா?' என்று விசாரிக்கும் பொட்டலம் வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் போகும். அது போய்ச் சேரும்வரை வரி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேலே 4 நிமிடம். நடைமுறையில் பல கருவிகள் இதைவிட வெகு சீக்கிரத்திலேயே வரியை அழித்துவிடுகின்றன. அதனால்தான் நெடுநேரம் காத்திருக்கும் மென்பொருள்கள் இடையிடையே சிறு பொட்டலங்களை அனுப்பி வரியைப் புதுப்பித்துக்கொள்கின்றன; அறுந்துபோனால் தாமாகவே மறுபடியும் வெளியே அழைக்கின்றன.

இனி காலை 6 மணிக்கு வருவோம். கிளவுடில் உள்ள அட்டவணை வேலையைத் தொடங்குகிறது. குறித்த நேரத்திலிருந்து சில நிமிடங்கள் தள்ளித் தொடங்குவது சாதாரணம். எந்தத் தரவுத்தளம், என்ன வினவல், எந்தப் பயனர் என்ற விவரங்கள் திறந்திருக்கும் இணைப்பு வழியாகக் கேட்வேக்கு வருகின்றன. கேட்வே தன் அலுவலக வலையமைப்புக்குள்ளேயே 192.168.1.20ஐ அணுகி, வினவலை ஓட்டி, வந்த வரிசைகளை அதே வழியில் மேலே அனுப்புகிறது. டாஷ்போர்டு காட்டுவது கிளவுடில் சேர்ந்த அந்த நகலைத்தான்.

கடவுச்சொல்லையும் கிளவுடிடம் கொடுத்துவிட்டோமே என்று அடுத்த கவலை எழலாம். கேட்வேயை நிறுவும்போது ஒரு சாவி இணை உருவாகிறது. பூட்டும் சாவி பொதுவானது, திறக்கும் சாவி கேட்வேயிடம் மட்டும் இருப்பது. கிளவுடில் சேமிக்கப்படும் கடவுச்சொல் பூட்டப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. வேலையோடு சேர்ந்து கீழே வந்து, கேட்வே கணினியில்தான் திறக்கப்படுகிறது. நிறுவும்போது கேட்கப்படும் மீட்புச் சாவியைத் தொலைத்துவிட்டு, பிறகு அந்தக் கணினியும் பழுதானால், புதிய கணினியில் கேட்வேயை மீட்க முடியாது. எல்லாக் கடவுச்சொற்களையும் முதலிலிருந்து பதிய வேண்டியதுதான்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு, ஃபயர்வாலில் எஸ்க்யூஎல் சர்வரின் 1433 போர்ட்டைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். 2003 ஜனவரி 25 அன்று, இணையத்துக்குத் திறந்திருந்த எஸ்க்யூஎல் சர்வர்களின் 1434 போர்ட் வழியாக ஸ்லாம்மர் என்ற புழு பரவியது. அதன் அளவு வெறும் 376 பைட். பாதிக்கப்படக்கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் அது பிடித்துவிட்டது. அந்தக் குறையைச் சரிசெய்யும் திருத்தம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. தரவுத்தளம் இணையத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு சான்றே போதும்.

கேட்வேதான் உள்ளே பேசுகிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், கோளாறுகளைப் படிப்பது எளிதாகிவிடும். அறிக்கையைத் தயாரித்தவர் தன் மடிக்கணினியில் சர்வர் பெயரை 192.168.1.20 என்று கொடுத்திருக்கிறார். கேட்வே நிர்வாகி அதே சர்வரை SALESDB என்ற பெயரில் பதிந்திருக்கிறார். இரண்டும் ஒரே இயந்திரம்தான். ஆனால் கிளவுட் பார்ப்பது எழுத்துகளை மட்டுமே. பெயர் பொருந்தாததால் அந்தக் கேட்வே இந்த அறிக்கைக்கு உரியதாகவே காட்டப்படாது. மடிக்கணினியில் புதுப்பித்தால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் மடிக்கணினி நேரடியாகவே சர்வரோடு பேசுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நாள் முழுக்க அறிக்கையையே குடைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. இரு இடங்களிலும் ஒரே பெயரை, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

பெயர் சரியான பிறகு சில வாரங்கள் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு திங்கட்கிழமை காலை, கேட்வேயை எட்ட முடியவில்லை என்ற பொருளில் `DM_GWPipeline_Client_GatewayUnreachable` என்று பிழை வருகிறது. இது வந்தால் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம். வெளியே போகும் அழைப்பு இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். வார இறுதியில் கணினி தூக்க நிலைக்குப் போயிருக்கலாம். வலையமைப்பு விதிகளை யாராவது மாற்றியிருக்கலாம். கேட்வே கணினியில் உட்கார்ந்து, பவர்ஷெல்லில் இரண்டு வரிகள் தட்டினால் போதும்:

```powershell
Test-NetConnection watchdog.servicebus.windows.net -Port 443
Test-NetConnection SALESDB -Port 1433
```

முதல் வரி வெளிப்பக்கத்தையும் இரண்டாவது உட்பக்கத்தையும் சோதிக்கிறது. `TcpTestSucceeded` என்பதற்கு எதிரே `False` வரும் பக்கத்தில்தான் கோளாறு. வேறெந்தக் கணினியிலிருந்து சோதித்தாலும் அந்த விடைக்கு மதிப்பில்லை.

கேட்வே சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பல அலுவலகங்களில் பரிகாரம் போலவே நிலைத்துவிட்டது. அறுந்த அழைப்பு புதிதாகப் போடப்படுவதால் சில நேரம் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பிழைச் செய்தியில் `Login failed for user` என்று இருந்தால் எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் ஒன்றும் நடக்காது. பொட்டலம் வெற்றிகரமாகத் தரவுத்தளம் வரை போய், அங்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தச் செய்தியே சாட்சி. பெரும்பாலும் காரணம் இதுதான்: தன் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை ஒருவர் கேட்வேயில் பதிந்திருப்பார், அலுவலக விதிப்படி அதை மாற்றியிருப்பார், கிளவுடில் பூட்டிக் கிடப்பது பழையது. இந்த வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு உருவாக்கி, அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுப்பதே முறை.

கடவுச்சொல்லைத் திருத்திய பிறகும் டாஷ்போர்டு பழைய எண்களையே காட்டினால், அட்டவணைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அட்டவணையையே நிறுத்திவிடுகிறது. தினமும் ஒரு முறை புதுப்பிக்கும் அறிக்கைக்கு அது நான்கு நாள். புரோ உரிமத்தில் அனுமதிக்கப்படும் எட்டு முறையையும் பயன்படுத்துகிற அறிக்கைக்கு அரை நாள். நின்றுபோன அட்டவணை, கோளாறு சரியானதும் தானாகத் திரும்ப ஓடாது. முதலில் கையால் ஒரு முறை புதுப்பித்து வெற்றியைப் பார்த்துவிட்டு, பிறகு அதை நீங்களேதான் மறுபடி இயக்க வேண்டும். தோல்வி அறிவிப்பு மின்னஞ்சல் அறிக்கையின் உரிமையாளருக்கே போகும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் யாருக்குமே தெரியாமல் எண்கள் பழசாகிக்கொண்டிருக்கும். அதே பக்கத்தில் வேறு தொடர்புகளையும் சேர்க்க இடம் இருக்கிறது. அங்கே குழுவின் பொது மின்னஞ்சலைப் போட்டுவிடுங்கள்.