வென்ட் பைப் 2 மீட்டர் இருந்தும் நாற்றம் ஏன்?

செப்டிக் டேங்க் கட்டுகிறவர்கள் "வென்ட் பைப் 2 மீட்டர் இருந்தால் போதும், விதியே அதுதான்" என்பார்கள். விதியில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அது பாதி விதி. விட்டுப்போன மறுபாதிதான் பல வீடுகளின் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது.

ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலையின் முதல் பாகம் (1985) சொல்வது இது. வென்ட் பைப்பின் விட்டம் 50 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. உச்சியில் கொசு புகாத வலை வேண்டும். மிக அருகிலுள்ள கட்டிடம் டேங்கிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருந்தால் பைப் சுமார் 2 மீட்டர் உயரம் இருக்கலாம். அதைவிடக் கிட்டே இருந்தால், கட்டிடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும். சாதாரண மனையில் 15 மீட்டர் தள்ளி டேங்க் வைக்க எங்கே இடம்? ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

தரநிலை என்பது தானாகவே சட்டம் ஆகிவிடாது. உள்ளூர்க் கட்டிட விதி அதைச் சுட்டினால்தான் கட்டாயம். பக்கத்து வீட்டு பைப் பற்றிப் புகார் கொடுப்பதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உயரத்துக்குக் காரணம் எளிது. டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது. பகலில் வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும். மாலையில் காற்று அடங்கித் தரை குளிர்ந்ததும், தாழ்வாக வெளியேறும் வாயு அங்கேயே தேங்கும். போதாக்குறைக்கு, கழிவறையில் தண்ணீர் விடும்போது அது கழிவு பைப்பிலுள்ள காற்றையும் சேர்த்து டேங்குக்குள் தள்ளும். உள்ளே போன அளவுக்கு நாற்றக் காற்று வெளியே வந்தாக வேண்டும். கூரைக்கு மேலே விட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து டேங்க் 4 மீட்டர். வென்ட் பைப் 2 மீட்டர். அதன் வாய் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. தரையிலிருந்து மாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சி வரை 4.2 மீட்டர். அதற்கு மேல் 2 மீட்டர் சேர்த்தால் 6.2. ஆக இன்னும் 4.2 மீட்டர் ஏற்ற வேண்டும். ஆனால் அவ்வளவு உயரமான பைப்பை டேங்கின் மேல் தனியாக நிறுத்தினால் முதல் பெருங்காற்றில் சாயும். படுக்கை வாட்டில் சுவர் வரை கொண்டுபோய், அங்கிருந்து கிளாம்ப் அடித்து மேலே ஏற்ற வேண்டும். படுக்கைப் பகுதி டேங்கை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் தாழ்வான இடத்தில் தேங்கி வழியை அடைத்துக்கொள்ளும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சரி, பைப் வாங்கும் முன் ஒரு சோதனை. குற்றவாளி வென்ட்தானா என்று பார்க்க வேண்டும். டேங்க் மூடியின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரமெல்லாம் ஈர மணலைப் போட்டு அமுக்குங்கள். அன்று மாலை நாற்றம் நின்றால், பழுது மூடியின் விளிம்பில்தான். விளிம்பைச் சுத்தம் செய்து, பின்னாளில் பெயர்த்து எடுக்கக்கூடிய மெல்லிய சுண்ணாம்பு-சிமெண்ட் கலவையால் பூசினால் போதும், பைப் செலவே இல்லை. நாற்றம் அப்படியே இருந்தால் அடுத்து வலையைப் பாருங்கள். தூசியும் சிலந்திக்கூடும் அடைத்திருந்தால் வாயு வேறு வழி தேடும். கழிவறையில் தண்ணீர் விடும்போது பக்கத்து ட்ராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவில், "குளுக் குளுக்" என்று சத்தம் கேட்பது இதன் அடையாளம். வீட்டுக்குள்ளேயும் நாற்றம் வந்தால், பயன்படாத குளியலறை ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீரும்.

நாற்றம் தாங்கவில்லை என்று வென்ட் வாயில் துணி அடைப்பவர்களும் உண்டு. வாயு மூடி வழியாகவோ ட்ராப் வழியாகவோ வரும், அவ்வளவுதான். வென்ட் வாயில் பொருத்தும் கரி வடிகட்டி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கரி தீர்ந்ததும் மாற்றியாக வேண்டும். மறந்தால் பழைய கதை.

மூடியைத் திறந்து பார்ப்பதானால் நெருப்பு அருகில் வேண்டாம், மீத்தேன் இருக்கும். தலையை உள்ளே விடாதீர்கள், யாரையும் இறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றதுபோல் தோன்றும் அந்த நேரம்தான் ஆபத்து அதிகம்.