எஞ்சின் காட்டும் எண்: ஸ்டாக்ஃபிஷும் லீலாவும் ஒரே நிலையை மதிப்பிடும் விதம்

செஸ் பயிற்சியாளராக என்னிடம் அடிக்கடி வரும் சந்தேகம் ஒன்று உண்டு. ஒரே நிலைக்குச் செஸ் எஞ்சின்களான ஸ்டாக்ஃபிஷ் ஒரு மதிப்பும் லீலா வேறொரு மதிப்பும் காட்டுகின்றன. எதை நம்புவது என்று மாணவர்களும், சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். இரண்டு எண்களும் உருவாகும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஸ்டாக்ஃபிஷ் ஆல்ஃபா-பீட்டா தேடலை நம்பியது. நம்முடைய ஒரு நகர்வு +0.30 தரும் என்று முடிவாகிவிட்டது என வைத்துக்கொள்வோம். அடுத்த நகர்வை ஆராயும்போது எதிராளியின் முதல் பதிலே நமக்கு −1.00 தருமானால், அவருடைய மற்ற பதில்களைப் பார்க்க வேண்டியதே இல்லை, ஏனெனில் அந்த நகர்வு முதலாவதைவிட மோசம் என்பது அப்போதே உறுதியாகிவிடுகிறது. ஒவ்வொரு நிலையிலும் 30 நகர்வுகள் உண்டு என்று கொண்டு நான்கு அரைநகர்வு, அதாவது இரு தரப்புக்கும் இரண்டிரண்டு நகர்வு, ஆழம் தேடினால், முழுத் தேடலில் 8,10,000 முடிவு நிலைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். நகர்வுகள் சரியான வரிசையில் ஆராயப்பட்டால் இந்த வெட்டுதலுக்குப் பின் 1,799 போதும். இவ்வளவு சேமித்த பிறகு திரையில் வரும் எண், இரு தரப்பும் ஆகச்சிறந்ததை ஆடினால் போய்ச் சேரும் ஒரே ஒரு நிலையின் மதிப்பாகும்.

லீலாவின் கணக்கு வேறு. ஆட்டங்களிலிருந்து பயின்ற அதன் நியூரல் நெட்வொர்க் ஒரு நிலையைப் பார்த்தவுடன் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: ஆட்டம் எப்படி முடியக்கூடும், எந்தெந்த நகர்வுகள் பார்க்கத் தகுந்தவை. இரண்டாவது சொன்ன வாய்ப்புகளுக்கு ஏற்ப அது கிளைகளுக்குள் திரும்பத் திரும்பச் சென்று, அங்கே கிடைத்த மதிப்புகளின் சராசரியை எடுக்கிறது. 2017-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ எஞ்சின் காட்டிய வழி இது. அப்போது அது விநாடிக்குச் சுமார் 80,000 நிலைகளைப் பார்த்தது. அதனிடம் தோற்ற ஸ்டாக்ஃபிஷ் 8 பார்த்ததோ சுமார் 7 கோடி.

சராசரி என்பதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். −1 தோல்வி, +1 வெற்றி என்ற அளவில், நாம் ஒரு நகர்வை ஆடுகிறோம். எதிராளியின் வழக்கமான பதில்கள் நமக்கு +0.6 தருகின்றன, ஒரு தியாகம் மட்டும் −0.8 தருகிறது, ஆனால் அந்தத் தியாகத்துக்கு நெட்வொர்க் மிகக் குறைந்த வாய்ப்பே கொடுத்திருக்கிறது. நூறு வருகைகளில் 90 வழக்கமான பதில்களுக்கும் 10 தியாகத்துக்கும் சென்றால் சராசரி +0.46, நகர்வு அழகாகத் தெரிகிறது. தியாகத்தின் வலிமை புரிந்த பிறகு வருகைகள் அங்கே குவிகின்றன. ஆயிரம் வருகைகளில் 900 அதற்குச் சென்றிருந்தால் சராசரி −0.66 ஆகிவிடும். ஆல்ஃபா-பீட்டாவோ தியாகத்தைக் கண்ட அந்த ஆழத்திலேயே −0.8-க்கு ஒரே தாவலில் விழுந்துவிடும். எனவே லீலாவின் எண் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால், அந்த நகர்வை முறியடிக்கும் பதில் உள்ளே எங்கோ இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஆல்ஃபா-பீட்டாவின் குறை கோட்டை நிலைகளில், அதாவது காய்கள் குறைந்த தரப்பு உடைக்க முடியாத தற்காப்பை அமைத்துக்கொள்ளும் நிலைகளில், வெளிப்படுகிறது. வெள்ளையிடம் ராஜா, வெண்கட்டத்து பிஷப், h வரிசைச் சிப்பாய் ஆகியவை உள்ளன. கறுப்பு ராஜா தனியாக h8-இல் நிற்கிறது. h8 கருங்கட்டம் என்பதால் பிஷப்பால் அதைத் தாக்கவே முடியாது, ஆட்டம் டிரா. காய்களை எண்ணினால் வெள்ளைக்கு நான்கு சிப்பாய் அளவு மேல்கை. ஐம்பது நகர்வு விதி வந்து மதிப்பைப் பூஜ்யமாக்க நூறு அரைநகர்வுகள் தேவை. அவ்வளவு தூரம் தேடல் எளிதில் எட்டாது. இந்த நிலைக்கென்று நிரலாளர்கள் தனி விதி எழுதிச் சமாளித்தார்கள், ஆனால் சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட எல்லாக் கோட்டைகளுக்கும் விதி எழுதி மாளாது. ஆட்ட முடிவுகளிலிருந்து பயின்ற நெட்வொர்க்குக்கு, இத்தகைய அமைப்புகள் டிராவில் முடிவதைத் தானாகவே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

இன்றைய ஸ்டாக்ஃபிஷிலும் நெட்வொர்க் உண்டு. 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பில், ஜப்பானியச் செஸ்ஸான ஷோகிக்காக யூ நாசு உருவாக்கிய என்.என்.யூ.இ. முறை சேர்க்கப்பட்டது. ஒரு நகர்வில் மாறும் சில காய்களுக்கான கணக்கை மட்டும் திருத்துவதால் அது சாதாரண ப்ராசஸரிலேயே வேகமாக ஓடுகிறது. நிலையை மதிப்பிடும் கண் மாறியது. தேடல் ஆல்ஃபா-பீட்டாவாகவே இருக்கிறது. 15.1-ஆம் பதிப்பிலிருந்து +1.00 என்பதற்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்பது பொருளன்று, எஞ்சின் தனக்குத்தானே ஆடினால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்பதே பொருள். இதைப் பழைய பொருளிலேயே வாசிப்பவர்கள் இன்னும் ஏராளம்.

ஆகவே மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான். லீலாவின் எண் இறங்கிக்கொண்டே போனால், அந்த நகர்வைப் பலகையில் ஆடிவிட்டு அங்கிருந்து ஸ்டாக்ஃபிஷைத் தேடவிடுங்கள். ஸ்டாக்ஃபிஷின் எண் ஆழம் கூடக்கூட அசையாமல் நின்றால், அது சொல்லும் வரிசையில் பத்து நகர்வுகள் முன்னே சென்று பாருங்கள். காய்கள் இங்குமங்கும் உலாவியும் எண் ஏறவில்லையென்றால், எதிரே கோட்டை இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே தேட வேண்டும்.