டிஸ்லெக்சியா: கண் டாக்டர் வைத்த பெயர், கண்ணில் இல்லாத கோளாறு

சொல்லில் இருந்தே ஆரம்பிக்கலாம். 'டிஸ்' என்றால் கிரேக்கத்தில் சிரமம், கோளாறு. 'லெக்சிஸ்' என்றால் சொல். இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். 1887-இல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். ஆனால் அவர் பார்த்தது குழந்தைகளை அல்ல, நன்றாகப் படித்துக்கொண்டிருந்து மூளையில் நோய் வந்தபின் வாசிக்க முடியாமல் போன பெரியவர்களை. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே குஸ்மால் என்ற இன்னொரு ஜெர்மன் மருத்துவர் இதே கோளாறுக்கு 'சொற்குருடு' என்று பெயர் கொடுத்திருந்தார்.

குழந்தைகள் இந்தக் கதைக்குள் வருவது 1896-இல். இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டி, பார்வையில் குறை இல்லை, ஆனால் பெர்சி என்கிற தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதுவான். அப்புறம் இந்த வேலையைப் பெரிதாக எடுத்துச் செய்தவர் ஹின்ஷல்வுட், கிளாஸ்கோவின் கண் அறுவை மருத்துவர். வாசிக்க வராத பிள்ளையை வீட்டில் முதலில் கண் டாக்டரிடம்தானே கூட்டிப்போவார்கள், அதனால் முதலில் கவனித்தவர்களும் அவர்களே. கண்ணில் ஒன்றும் இல்லை, மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில்தான் வித்தியாசம் என்று சொன்னவர்களும் அவர்களேதான். இதை மட்டும் ஊர் மறந்துவிட்டது.

ஈரோடு, கோபி, திருப்பூர் என்று எங்கள் பக்கம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் முதல் பதில், "கண்ணுல ஏதோ கோளாறுங்க, எழுத்து ஓடுதுங்கறான்" என்பதுதான். தப்பு என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. வாசிப்பைக் கெடுக்கிற கண் பிரச்சினைகள் நிஜமாகவே இருக்கின்றன, அவை பள்ளிக்கூடக் கண் முகாமில் தப்பித்தும் விடுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பையனையே எடுத்துக்கொள்கிறேன். நாலாம் வகுப்பு, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வீட்டில் பார்த்துக்கொள்வது அமுச்சி. படிக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தலைவலி என்பான், கண்ணைக் கசக்குவான். முகாமில் சுவரில் இருந்த அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான், 6/6 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அட்டை தூரத்தில் இருப்பதைத்தான் சோதிக்கிறது. கிட்டப்பார்வை இருக்கிற பிள்ளை அதில் மாட்டிக்கொள்ளும், ஆனால் அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் நன்றாகத் தெரியும். தூரப்பார்வை இருக்கிற பிள்ளையோ கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முறுக்கி முறுக்கிச் சமாளித்து அட்டையைப் படித்துவிடும், புத்தகம் பிடிக்கும்போதுதான் களைத்துப்போகும். இதைக் கண்டுபிடிக்க, அந்த முறுக்கலை நிறுத்துகிற சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்க வேண்டும். மருந்து எரியும், பிள்ளை அழும், சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும் என்பதால் பலரும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். இவனுக்கு மருந்து விட்டுப் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை, பிளஸ் 3.5 பவர். கண்ணாடி போட்டதும் தலைவலி போய்விட்டது.

வாசிப்பு மட்டும் அப்படியே இருந்தது. 'கொடு' என்பதைக் 'கெடு' என்றான், 'பொய்' என்பதைப் 'பெய்' என்றான். நம் எழுத்தில் ஒகரத்துக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலி மட்டும் கடைசியில் வருகிறது. தடுமாறும் பிள்ளை முதலில் கண்ட கொம்போடு நின்றுவிடும். (ல, ள, ழ குழப்பத்தை வைத்து மட்டும் டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டாதீர்கள், அது பெரியவர்களுக்கே இருக்கிறது.) எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் அதே தப்புதான். கண் களைத்த பிள்ளை முதல் பத்தியைச் சுமாராகப் படித்துவிட்டு அப்புறம் தேயும், இவன் முதல் சொல்லிலேயே நின்றான். 'தபுகி' மாதிரி அர்த்தமில்லாத சொல்லைக் கொடுத்தால், ஊகிக்க வழியில்லாமல் மொத்தமாக நின்றுவிட்டான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனை, கண்ணை மூடிக்கொண்டே செய்வது. "சாமி, 'கடலை'ன்னு சொல்லு. இப்ப 'க'வை விட்டுட்டுச் சொல்லு." 'டலை' என்று அவன் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இவன் 'கடை' என்றான், 'கலை' என்றான். எழுத்தே முன்னால் இல்லாதபோது கண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும், அந்த ஒலியை எழுத்தோடு பொருத்துவதிலும் வரும் சிரமம்தான் டிஸ்லெக்சியாவின் நடு. பிரிட்டனில் 5,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்து 2015-இல் வந்த ஆய்விலும், வாசிப்பில் கடும் சிரமம் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு ஒவ்வொரு கண் சோதனையிலும் முடிவு சரியாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் கலர் ஷீட் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று அவன் அம்மா மஞ்சள் நிறத்தில் ஒரு கண்ணாடித்தாள் வாங்கி வந்து, "இதை வெச்சா நல்லா படிக்கறானுங்க" என்றார். இதன் பூர்வீகம் 1980-கள். நியூசிலாந்து ஆசிரியை ஆலிவ் மியர்ஸ், கலிஃபோர்னியா உளவியலாளர் ஹெலன் அர்லன் இருவரும் தனித்தனியாகக் கிளப்பிய யோசனை: சிலருக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து கூசுகிறது, ஓடுகிறது, சரியான நிறம் வைத்தால் அடங்குகிறது என்பது.

நன்றாகப் படித்தான் என்று அம்மா சொன்னது பொய் இல்லை. ஆனால் அதே பாடத்தை ஷீட் இல்லாமல் ஒருமுறை படித்துவிட்டு, பிறகு ஷீட் வைத்துப் படித்தால் இரண்டாவது தடவை வேகமாகத்தான் இருக்கும். நிறத்தை அவனே தேர்ந்தெடுத்தான், எல்லாரும் ஆசையாகப் பார்க்கிறார்கள், அதுவும் சேரும். ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதிய சொல் வரிசை, ஒரு நிமிஷம், அவன் தேர்ந்த நிறம், வேறொரு நிறம், நிறமே இல்லாத தாள் மூன்றையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எடின்பர்க் ஆராய்ச்சியாளர்கள் வாசிக்கத் தடுமாறிய 61 பிள்ளைகளிடம் இப்படித்தான் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். அர்லன் முறையில் சோதிப்பவர் அவர்களில் 47 பேருக்கு இந்த எழுத்து கூசும் கோளாறு உண்டு என்று நிறமும் குறித்துக்கொடுத்தார், ஆனால் குறித்த நிறத்துக்கும் வேறு நிறத்துக்கும் வெறும் தாளுக்கும் வாசிப்பு வேகத்தில் வித்தியாசம் வரவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிக்கை விட்டு, நிறக் கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் ஆதாரம் இல்லை என்றார்கள். கூச்சம் குறைகிறது என்று பிள்ளை விரும்பினால் ஷீட் வைத்துக்கொள்ளட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை ஒரு வருஷம் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சொற்குருடு' வேண்டாம், கண்ணை மறுபடி இழுத்துவிடும். 'கற்றல் குறைபாடு' அகலமான சொல், கணக்குச் சிரமமும் எழுதும் சிரமமும் அதில் அடங்கும். 'வாசிப்பு இடர்ப்பாடு' என்பதே பொருத்தம் என்பது என் கட்சி, பேச்சில் டிஸ்லெக்சியா என்றாலும் யாருக்கும் புரியும். ஆனால் தேர்வில் கூடுதல் நேரத்துக்கோ எழுத ஆளுக்கோ சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலைப்பு 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', டிஸ்லெக்சியா அதற்குள் ஒரு வகையாக வருகிறது. விண்ணப்பத்தில் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும்.