லித்தியம்: "இன்னிக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம்" என்று எப்போது சொல்வது?

சாயங்காலம் 6 மணிக்கு ஒரு போன். "டாக்டர், அம்மாவுக்கு ரெண்டு நாளா பேதி. கை வேற ரொம்ப நடுங்குது. ராத்திரி லித்தியம் குடுக்கலாமா?"

அம்மாவுக்கு 61 வயது. பைபோலார் நோய்க்காக 11 வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார், ராத்திரி 900 மில்லிகிராம். ரத்தத்தில் அளவு எப்போது பார்த்தாலும் லிட்டருக்கு 0.8 மில்லிமோலை ஒட்டியே இருக்கும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் மகளிடம் கேட்டது இரண்டே கேள்வி. பேச்சு எப்படி இருக்கிறது? "கொஞ்சம் குழறுது. சரியா தூங்கல, அதனாலனு நினைச்சோம்." பாத்ரூமுக்குத் தானாக நடந்து போகிறாரா? "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி மாத்திரை வேண்டாம், இப்போதே கிளம்பி மருத்துவமனைக்குப் போங்கள் என்றேன். "காலையில ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லித்தியம் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு 0.6 முதல் 1.0 வரை வைத்துக்கொள்கிறோம். 1.5 தாண்டினால் பொதுவாக நச்சு அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். இந்த மருந்தைக் கல்லீரல் உடைப்பதில்லை. கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். அங்கேதான் சிக்கல். சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே ரத்தத்தில் அளவு ஏறிவிடும். "அளவு தப்பி எதுவும் சாப்பிடலையே டாக்டர்" என்று குடும்பத்தார் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

இந்த அம்மாவுக்கு நடந்ததைப் பிறகு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோது கதை மூன்று வாரம் பின்னால் போனது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்லோடிபினை மாற்றி, டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மருந்துமே லித்தியம் வெளியேறுவதைக் குறைப்பவை, தயசைடு இன்னும் மோசம். உப்பைத் திடீரென்று குறைத்ததும் அதே பக்கம்தான் தள்ளும். அப்புறம் முழங்கால் வலி வந்து, ஐந்து நாள் டைக்ளோஃபெனாக். அதுவும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து லித்தியத்தை ஏற்றும். கடைசியில் பேதி. பேதி லித்தியம் ஏறியதால் வந்ததா, பேதியால் லித்தியம் ஏறியதா என்று கேட்டால் சில சமயம் எனக்கே பதில் தெரியாது. ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தச் சுற்றை வீட்டிலேயே உடைக்க ஒரே வழி, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பது.

நடுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குழப்பமெல்லாம் அங்கேதான். லித்தியம் சாப்பிடுபவர்களில் பலருக்கு விரல் நுனியில் மெல்லிய, வேகமான நடுக்கம் எப்போதுமே இருக்கும். அது பக்க விளைவு, நச்சு அல்ல. அதனால்தான் நடுக்கம் கூடும்போது "அது எப்பவும் இருக்கறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். நான் செய்யும் சோதனை ரொம்பச் சாதாரணமானது. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன். பழைய நடுக்கம் என்றால் தாளின் ஓரம் மட்டும் படபடக்கும். நச்சு நடுக்கம் என்றால் அசைவு மணிக்கட்டிலிருந்தே கிளம்பும். மெதுவாக, பெரிதாக, இடையிடையே ஒரு உதறல் போட்டு, தாள் வழுக்கிக் கீழே விழும். வீட்டில் தாள்கூட வேண்டாம். தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போவதற்குள் சிந்துகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, கையெழுத்து போன மாதம் போட்டதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நடுக்கம் இருக்கிறதா என்பதை விட, அது மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதன் பிறகு நான் முடிவெடுப்பது இப்படி. நடுக்கம் பழையதுதான், சாப்பாடும் தண்ணீரும் சரியாக இறங்குகிறது, நடையும் பேச்சும் தெளிவு என்றால் மாத்திரையைத் தொடரலாம். பயந்து நிறுத்துவதும் ஆபத்துதான், லித்தியத்தைச் சட்டென்று விட்டால் மேனியா என்ற அதீத எழுச்சி நிலை திரும்பி வரும் வாய்ப்பு கூடும்.

வாந்தியோ பேதியோ காய்ச்சலோ வந்து தண்ணீர் தங்கவில்லை, ஆனால் நடை, பேச்சு, தெளிவு எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அன்றைய மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வேன். நிறைய தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடிக்க வேண்டும். அன்றோ மறுநாளோ லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சோடியம் மூன்றும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வேளை விடுவதால் நோய் திரும்பிவிடாது. ஆனால் உடம்பு வற்றிய நிலையில் ஒரு வேளை கூடுதலாகக் கொடுப்பது கெடுதல் செய்யும்.

மூளை சம்பந்தப்பட்ட ஒரே ஒரு அறிகுறி இருந்தாலும் கதை வேறு. பெரிய நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல், பகலிலும் விடாத மந்தம், தசைகள் அங்கங்கே துடிப்பது, நாள் கிழமை குழம்புவது. இதில் எது இருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. யாராவது வேண்டுமென்றோ தவறியோ கைநிறைய மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டால், நன்றாக இருந்தாலும் உடனே கொண்டுபோக வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையாக இருந்தால் அறிகுறி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

"ரிப்போர்ட் வரட்டும்" என்பதை நான் நம்பாததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், 68 வயது பெரியவர் ஒருவர் தள்ளாடுகிறார் என்று அழைத்து வந்தார்கள். அளவு 1.1 என்று வந்தது. அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை, வயசுத் தள்ளாட்டம் என்று எழுதி, மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பினேன். நான்கு நாளில் முழு மயக்க நிலையில் வந்தார். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மூளையில் லித்தியம் ஏற்கெனவே தங்கியிருக்கும். வயதானவர்களுக்கு "நார்மல்" என்று அச்சடித்த எல்லைக்கு உள்ளேயோ அதன் ஓரத்திலோகூட நச்சு வரலாம். நான் அன்று தாளைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

எண் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் 0.6, 1.0 கணக்கெல்லாம் பொருந்தும். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் ஒன்றுமில்லாமலே அதிகமாகக் காட்டும். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய குழாயில் ரத்தம் எடுத்துவிட்டால் குழாயில் இருக்கும் லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். நன்றாக நடந்து வந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கு 3 என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் அந்தக் குழாயைச் சந்தேகப்படுங்கள், மறுபடி எடுங்கள்.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். மகளிடம் கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: லித்தியம், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது, கூட என்னென்ன மாத்திரை. போனதும் முதல் வார்த்தையாக "லித்தியம்" என்று சொல்லச் சொன்னேன். இல்லாவிட்டால் குழறலைப் பார்த்து பக்கவாதம் என்றும், பேதியைப் பார்த்து வெறும் வயிற்றுப்போக்கு என்றும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

ராத்திரி 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் 1.7. கடைசி மாத்திரை போட்டது முந்தைய நாள் 9 மணிக்கு. அதாவது 23 மணி நேரம் கழிந்த பிறகும் 1.7. காலையிலேயே எடுத்திருந்தால் இன்னும் மேலே இருந்திருக்கும். கிரியேட்டினின் 0.9-இலிருந்து 1.8 ஆகியிருந்தது. சலைன் ஏற்றினார்கள். லித்தியத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனை இழந்திருந்தால் சலைன் ஏற ஏற சோடியம் கூடிவிடும், அதனால் சோடியத்தை அடிக்கடி பார்த்தார்கள். மற்ற விஷங்களை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளால் இதில் பயனில்லை, லித்தியம் அதில் ஒட்டாது.

டயாலிசிஸ் வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. மயக்கம், வலிப்பு, ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் டயாலிசிஸ்தான். சிறுநீரகம் கெட்டு அளவும் 4-ஐத் தாண்டினாலும் அப்படியே. இவர் மந்தமாக இருந்தாலும் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார், சிறுநீரும் நன்றாகப் போக ஆரம்பித்தது. சிறுநீரக மருத்துவரைத் தயாராக வைத்துக்கொண்டு சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் 1.0. மூன்றாம் நாள் 0.6.

மூன்றாம் நாள் மகள் கோபமாகப் போன் செய்தார். "அளவு நார்மல்னு சொல்றாங்க, ஆனா பேச்சு இன்னும் குழறுதே!" ரத்தத்திலிருந்து இறங்கும் வேகத்தில் மூளையிலிருந்து லித்தியம் இறங்காது. நாட்கள் பிடிக்கும், சிலருக்கு வாரங்கள். அபூர்வமாகச் சிலருக்குத் தள்ளாட்டமும் குழறலும் மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் தாண்டியும் போகாமல் நிலைத்துவிடுவது உண்டு. தாமதிக்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஆறாம் நாள் பேச்சு தெளிந்தது. ரத்த அழுத்தத்துக்குப் பழைய அம்லோடிபினே போதும் என்று அந்த மருத்துவரிடம் பேசி மாற்றினோம். முழங்காலுக்குப் பாரசிட்டமால். லித்தியத்தை உடனே தொடங்கவில்லை, இடைப்பட்ட நாட்களுக்கு மனநிலையைச் சமப்படுத்தக் குவெட்டியாபின் கொடுத்தேன். ஒரு அடிக்கு முன் மறு அடியை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டாம் வாரத்தில் இன்னும் பக்கவாட்டில் சாய்ந்தார். மூன்றாம் வாரம் சாயவில்லை. கிரியேட்டினினும் 1.0-க்கு வந்திருந்தது. அன்றைக்கு 600 மில்லிகிராமில் மறுபடி ஆரம்பித்தேன். ஏழு நாள் கழித்துப் பார்த்ததில் 0.6. கையை நீட்டித் தாளை வைத்தபோது ஓரம் மட்டும் லேசாகப் படபடத்தது.